கொக்குவில் வீடு குழு: தேருக்குத் தேசிக்காய்த் தண்ணி

வாசன்: எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் தேர். வழமை போல எங்கட படலையடியில தாகசாந்தி வைக்கிறம். இந்த முறை சோடாவும் பைக்கற் ஜூசும் வேண்டாம், தேசிக்காய்த் தண்ணிதான் எண்டு அப்பா சொல்லிட்டார். 200 பேர் மட்டில வருவினம். எவ்வளவு தேசிக்காய், எவ்வளவு சீனி வாங்கோணும்?

சாந்தி அக்கா: போன வருசம் மாதிரிக் கைக்காமல் இருந்தால் காணும்

கலா மாமி: என்ன சொல்லுறாய் சாந்தி

சாந்தி அக்கா: ஒண்டுமில்லை மாமி. கைச்சது எண்டுதான்

கலா மாமி: இரவிரவா இருந்து தனியப் பிழிஞ்சது நான். ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. காய்தான் சரியில்லை. வாங்கிக்கொண்டு வந்த ஆக்களைக் கேளுங்கோ.

வாசன்: நான்தான் மாமி வாங்கினது

கலா மாமி: உன்னைச் சொல்லேல்லை ராசா

ரவி (ரொறன்ரோ): கைச்சால் சீனியைக் கூடப் போடுங்கோ. சிம்பிள்.

குணம் அத்தான்: பொறுங்கோ. கடையில இருக்கிறன், ஆறுதலா எழுதுறன்.

நிலா: அத்தான் ஆறுதலா எழுதினால் விடிஞ்சிடும் 😄

தேவி பெரியம்மா: நன்னாரி சர்பத்தும் வைக்கலாமே. அம்மா இருக்கேக்க அதுதானே வைக்கிறது.

பவா சின்னம்மா: தேர் எத்தனை மணிக்கு? வேலணையில இருந்து முதல் பஸ் பிடிச்சால் சரியோ?

வாசன்: 8 மணிக்கு இருப்பு விட்டு வெளிக்கிடும் சின்னம்மா. எங்கட படலைக்கு 9 மணி மட்டில வரும்.

குணம் அத்தான்: கலா, உன்ரை கையிலயும் பிழையில்லை, காயிலயும் பெரிய பிழையில்லை. பிரச்சினை நேரம். தேசிக்காய்ச் சாறு பிழிஞ்ச உடனை கைக்காது. இரவு நக்கிப் பாத்தால் நல்லாத்தான் இருக்கும். சாறுக்குள்ள கைப்பே இல்லாத ஒரு சாமான் கிடக்கு, அது அந்தப் புளிக்குள்ள கிடந்து மணித்தியாலம் போகப் போகக் கைப்பா மாறும். லிமோனின் எண்டு சொல்லுறது. வெள்ளைத் தோலிலயும் கொட்டையிலயும்தான் அது கனக்க. காயைத் திருகித் திருகி நசிச்சால், இல்லாட்டி கொட்டையோட மிக்சியில அடிச்சால், அவ்வளவும் சாறுக்குள்ள வந்திடும். பேந்து விடியப் பாத்தால் கைக்கும். சாறு காலமை 6 மணிக்குப் பிழிஞ்சு அண்டைக்கே முடிய வேணும். இரவு செய்யிற வேலை சீனிப் பாணி மட்டும்.

கலா மாமி: அப்ப காய்தான் எண்டு நான் சொன்னது?

குணம் அத்தான்: பாதி சரி. தடிச்ச தோல், கரும்பச்சைக் காய் எண்டால் வெள்ளைத் தோல் கூட, சாறு குறைவு. தோல் மெல்லிசா, மஞ்சள் ஏறத் தொடங்கின காய், கையில எடுத்தால் பாரமா இருக்க வேணும். வாசன், திருநெல்வேலிச் சந்தையில ஒவ்வொண்டாப் பொறுக்கி எடு. உரப்பையோட தூக்கிக்கொண்டு வராதை.

வாசன்: சரி அத்தான். எத்தனை காய்?

குணம் அத்தான்: ஆளுக்கு 150 மில்லி எண்டால் 200 பேருக்கு 30 லீற்றர். மூண்டு தரமா 10 லீற்றர் 10 லீற்றராக் கலக்குறது நல்லது, அப்ப கடைசி ஆளுக்கும் புதுசாக் கிடைக்கும். 10 லீற்றருக்கு 1 லீற்றர் சாறு, சீனி 1 கிலோ 200 கிராம், உப்புத்தூள் மட்டமா ரெண்டு தேக்கரண்டி. ஐஸையும் இந்த 10 லீற்றருக்குள்ளயே கணக்குப் போடு. 2 கிலோ ஐஸ் எண்டால் தண்ணி, சாறு, பாணி எல்லாம் சேத்து 8 லீற்றரில நிப்பாட்டு. இல்லாட்டி ஐஸ் கரைய எல்லாம் வெளிறிப் போகும். 1 லீற்றர் சாறுக்கு நல்ல காய் 50, சின்னக் காய் எண்டால் 60க்கு மேலயும் போகும். மொத்தம் 180 வாங்கு.

ரவி (ரொறன்ரோ): இனிப்புத் தண்ணிக்கு ஏன் அத்தான் உப்பு? இஞ்ச ஒருத்தரும் போடுறதில்லை. நான் சொன்ன மாதிரி சீனி கூடப் போட்டால் கைப்பு மறைஞ்சிடும்.

குணம் அத்தான்: சீனி புளியைத்தான் நல்லா மட்டுப்படுத்தும். கைப்பையும் கொஞ்சம் மூடும்தான், ஆனால் முழுக்க மூடுற அளவுக்குப் போட்டால் தொண்டையில ஒட்டும், குடிச்ச ஆள் பேந்து பச்சைத் தண்ணி கேக்கும். உப்பு அப்பிடியில்லை. உப்புச் சுவை தெரியாத அளவிலயே அது கைப்பை அமத்தும், கைப்புக் குறைய இனிப்பு மேல வரும். அதாலதான் உப்புப் போட்டால் சீனி மிச்சம். நாளைக்கு ஒருக்காச் செய்து பார். ஒரே தண்ணியை ரெண்டு தம்ளரில எடு, ஒண்டில ஒரு சின்னக் கிள்ளு உப்பு. சும்மா குடிச்சாலே வித்தியாசம் தெரியும்.

சாந்தி அக்கா: கைப்போ, புளி கூடிப் போச்சோ எண்டு எப்பிடித் தெரியும்? எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி முகத்தைச் சுழிக்கப் பண்ணும்

குணம் அத்தான்: நல்ல கேள்வி. புளி வாயில வைச்ச உடனை அடிக்கும், விழுங்கினால் போயிடும். கைப்பு ஆறுதலா வரும், விழுங்கின பிறகும் நிக்கும். புளி எண்டால் கொஞ்சம் தண்ணியும் சீனியும் விடு. மெல்லிய கைப்பு எண்டால் உப்பு. உப்புப் போட்டும் நிக்குது எண்டால் சாறு கெட்டிட்டுது. அதுக்கு மேல உப்பையும் சீனியையும் கொட்டி வேலையில்லை, வேற சாறு பிழி.

பவா சின்னம்மா: எங்கட கிணத்துத் தண்ணிக்கு உப்பே தேவையில்லை. தேத்தண்ணியே உப்புத்தான் 🙏

குணம் அத்தான்: பவா பகிடியாச் சொல்லுறா, ஆனால் அதுதான் உண்மை. சவர்த் தண்ணி எண்டால் நான் சொன்ன ரெண்டு கரண்டி கூடிப் போகும். கொக்குவில் கிணறு நல்ல தண்ணி, அதுக்குச் சொன்ன அளவு. எந்தத் தண்ணியெண்டாலும் முதல் ஒரு கரண்டி போட்டு, ருசி பாத்து, பேந்து மற்றதைப் போடுங்கோ.

தேவி பெரியம்மா: எனக்குச் சீனி வருத்தம். சீனி போடாமல் ஒரு தம்ளர் தனிய எடுத்து வையுங்கோ பிள்ளையள்.

சாந்தி அக்கா: வைக்கிறம் பெரியம்மா

குணம் அத்தான்: அக்காவுக்கு எடுக்கேக்க சாறைப் பாதியாக் குறையுங்கோ. சீனி இல்லாட்டி அதே சாறு பல்லைக் கூசப்பண்ணும், சின்னக் கைப்பும் பெரிசாத் தெரியும்.

தேவி பெரியம்மா: பிறசரும் இருக்கு

குணம் அத்தான்: அப்ப உப்பும் வேண்டாம் அக்கா. வெறும் தேசிக்காயும் புதினா இலையும்.

கலா மாமி: எதில கலக்கப் போறியள்? அம்மாவின்ர பெரிய அண்டா இருந்தால் 30 லீற்றரும் ஒண்டாக் கலக்கலாம். அது எங்க போச்சுதெண்டு தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும்.

சாந்தி அக்கா: 😐

தேவி பெரியம்மா: கலா அந்தக் கதை இப்ப வேண்டாம்

கலா மாமி: நான் ஒண்டும் கதைக்கேல்லை. அண்டா எண்டுதான் சொன்னனான்.

குணம் அத்தான்: அந்த அண்டா ஆரிட்டை இருந்தாலும் இதுக்கு உதவாது. பித்தளை, உள்ளுக்குப் பூசின ஈயம் எப்பவோ தேஞ்சு போச்சு. புளி பட்டால் களிம்பு இறங்கும், குடிக்கிற ஆக்களுக்குக் கூடாது. அலுமினியக் கிடாரமும் வேண்டாம். சில்வர் வாளி, இல்லாட்டி சாப்பாட்டுச் சாமான் வாற பிளாஸ்ரிக் பீப்பாய்.

நிலா: எங்கட வீட்டில பெரிய சில்வர் வாளி ரெண்டு கிடக்கு

வாசன்: நன்றி நிலா. புதினாவை ஆர் கொண்டு வருவினம்?

ரவி (ரொறன்ரோ): புதினாவைச் சீனியோட மிக்சியில அடிச்சு முதல் நாளே வையுங்கோ. இஞ்ச கடையில அப்பிடித்தான், பச்சைப் பசேல் எண்டு வடிவா இருக்கும்.

குணம் அத்தான்: ரவி, கடையில அடிச்ச உடனை உனக்குத் தருவினம், அதால பச்சை. புளிக்குள்ள கொஞ்ச நேரம் கிடந்தால் அந்தப் பச்சை மண்ணிறமாப் போகும், அடிச்ச இலையில இருந்து புல்லு மணமும் ஒரு கைப்பும் வரும். நாங்கள் தோலில இருந்து வாற கைப்பைக் கஷ்டப்பட்டுக் குறைச்சுப்போட்டு இலையால திருப்பிக் கொண்டு வாறதோ?

பவா சின்னம்மா: நான் பாணி காய்ச்சேக்க உள்ளுக்குப் போடுறனான். மணம் நல்லா இறங்கும்.

குணம் அத்தான்: கொதிக்கேக்க போட்டால் அவிஞ்ச இலை மணம் பவா. தேத்தண்ணிக்கு அது சரி.

பவா சின்னம்மா: அடுப்பை நிப்பாட்டிப்போட்டுத்தான் போடுறது. பத்து நிமிசத்தில வடிச்சிடுவன்.

குணம் அத்தான்: அப்பிடியெண்டால் பிழை சொல்லேலாது. ஆனாலும் குளிர்ந்த தண்ணியில போட்ட புதினாவின்ர அந்த மூக்கில ஏறுற மணம் அதில வராது. என்ர முறை இது. பாணி, சாறு, தண்ணி, உப்பு எல்லாம் கலந்து, ஐஸும் போட்டு, தேர் எங்கட ஒழுங்கை முடக்குக்கு வந்திட்டுது எண்டு சத்தம் கேட்ட பிறகு புதினா. காம்போட ஒரு கட்டை எடுத்து ரெண்டு உள்ளங்கைக்குள்ளயும் வைச்சு ஒருக்கா அடிச்சால் காணும், கசக்கப்படாது. வெள்ளைத் துணியில கட்டி வாளிக்குள்ள விட்டு, 10 நிமிசத்தில எடுத்து எறி. தம்ளருக்கு ஒரு பச்சை இலை. அடுத்த வாளிக்குப் புதுக் கட்டு.

பவா சின்னம்மா: நான் பாணியிலதான் போடுவன்

வாசன்: ஒரு வாளி சின்னம்மான்ர முறை, மற்ற ரெண்டும் அத்தான்ர முறையோ?

சாந்தி அக்கா: 👍

குணம் அத்தான்: செய்யுங்கோ, குடிக்கிற சனம் சொல்லட்டும். ஐஸ் குடிதண்ணியில செய்ததோ எண்டு கேட்டு வாங்கு வாசன். மீனுக்குப் போடுற ஐஸ் வேண்டாம்.

வாசன்: ஓம் அத்தான்

கலா மாமி: அப்ப 6 மணிக்கு ஆர் பிழியிறது? நான் கோயிலில நிப்பன்.

சாந்தி அக்கா: நானும் நிலாவும். குறுக்கா வெட்டி ஒருக்காத்தான் நசிக்கிறது, என்ன அத்தான்?

குணம் அத்தான்: ஓம். வெட்ட முதல் நிலத்தில வைச்சு உருட்டு, சாறு லேசா இறங்கும். ரெண்டாந்தரம் திருகாதை. மிஞ்சின கோதைத் தேசிக்காய் ஊறுகாய்க்குப் போடலாம், அதுக்குக் கைப்புத்தான் ருசி. கொட்டையை உடனை வடிச்சிடு.

கலா மாமி: கோதை எனக்குத் தாங்கோ, நான் ஊறுகாய் போடுறன்

சாந்தி அக்கா: தாறன் மாமி

ரவி (ரொறன்ரோ): தேரை வீடியோ கோலில காட்டுவியளோ? இஞ்ச அப்ப இரவு. முழிச்சிருப்பன்.

நிலா: சாறு பிழிஞ்ச கையோட போன் பிடிக்கேலாது ரவி அண்ணா

வாசன்: புதினா ஆர் எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை

பவா சின்னம்மா: எங்கட முத்தத்தில கிடக்கு. பஸ்ஸில கொண்டு வந்தால் வாடுமோ தெரியேல்லை.

குணம் அத்தான்: ஈரத் துணியில சுத்திப் பையை இறுக்கிக் கட்டாமல் கொண்டு வா. வாடாது.

தேவி பெரியம்மா: நன்னாரி சர்பத்துக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை

குணம் அத்தான்: அக்கா, வைக்கிறதெண்டால் தனி வாளி. அதுக்குள்ள புதினா வேண்டாம், ரெண்டு மணமும் ஒண்டையொண்டு கெடுக்கும். தேசிக்காயும் தம்ளருக்கு நாலு சொட்டுக் காணும். நன்னாரி வேர் நாட்டுமருந்துக் கடையில இருக்கும், ஆனால் கழுவி இடிச்சு இரவே ஊற வைக்க வேணும்.

தேவி பெரியம்மா: ஆர் இடிக்கிறது?

நிலா: கலா மாமி ரைப்பிங் எண்டு காட்டுது