கலைச்சொல் வேண்டும்: "எளிமையாக ஆக்கித் தாங்க" என்பதைச் சோதித்துப் பார்க்கும் கோட்டுக்கு

மலர்விழி, ஏற்காடு:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல் வேண்டும், கொஞ்சம் அவசரம்.

இங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர்களின் எடையைப் பதிய ஒரு செயலி செய்து கொடுத்தோம். மூட்டை தராசில் ஏறியதும் மேஸ்திரி பெயரைத் தேடி எடையைப் போட வேண்டும், சனிக்கிழமை கூலி அதை வைத்துத்தான். ஒரு மாதம் ஓடியது. அப்புறம் முதலாளி "இன்னும் எளிமையாக ஆக்கித் தாங்க" என்றார், அவ்வளவுதான் சொன்னார். நாங்களும் மண்டையைப் பிய்த்துக்கொண்டு "மூன்று தட்டலுக்குள் பதிவு முடிய வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். செய்தும் விட்டோம், எல்லாப் பெயரையும் ஒரே திரையில் நெருக்கி வைத்து. இப்போது ஈரக் கையோடு தட்டினால் பக்கத்துப் பெயர் விழுகிறது. எழுதியபடி செய்தாகிவிட்டது, ஆனால் முன்பைவிட மோசம்.

மறுபடி எழுதப் போகிறோம். இந்த முறை ரைட்டரும் மேஸ்திரிகளும் படிக்கிற மாதிரி தமிழிலேயே. "இதைத் தாண்டினால்தான் வேலை முடிந்ததாக ஏற்போம்" என்று முன்கூட்டியே போடுகிற அந்தக் கோட்டுக்கு என்ன சொல்லலாம்?

குணசேகரன், செவ்வாய்ப்பேட்டை:

அம்மா, இதற்குப் புதுச்சொல் எதற்கு? உரைகல் இருக்கிறதே. எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறைக்காரர் கல்லில் ஒரு கீறல் போட்டுத்தான் மாற்றுச் சொல்வார், வாய்ப்பேச்சு எடுபடாது. உங்கள் முதலாளி சொன்னது வாய்ப்பேச்சு, நீங்கள் போடப்போவது உரைகல். கூட்டுச்சொல் உருட்டி உருட்டி நாமே நம் எழுத்தைப் படிக்க முடியாமல் செய்துகொள்கிறோம்.

சதீஷ், சேலம்:

முதலில் "செயலி" என்பதை முடிவு பண்ணுங்கள் ஐயா. கணினிக்குள் இருக்கிற சில்லுக்கும் செயலி, போனில் இருப்பதற்கும் செயலி என்றால் ஆவணத்தில் எப்படிப் பிரித்துப் படிப்பது? நான் குறுஞ்செயலி என்றுதான் எழுதுகிறேன்.

மலர்விழி:

சதீஷ், அது தனி இழையில் ஓடட்டும், ப்ளீஸ். இங்கே கேள்வி அதுவல்ல.

இளங்கோ, சேலம்:

ஐயா சொன்ன உரைகல் அழகான சொல், ஆனால் பாதிதான் சரி. அவர் உவமையையே எடுத்துக்கொள்கிறேன். பட்டறையில் மூன்று சங்கதி இருக்கிறது. எதை அளக்கிறோம் என்பது மாற்று. எதை வைத்து அளக்கிறோம் என்பது கல். இவ்வளவு மாற்றுக்குக் குறைந்தால் வாங்கமாட்டேன் என்று வாங்குகிறவர் சொல்வது மூன்றாவது. மலர்விழி கேட்பது இந்த மூன்றாவதற்கு. கல் தன்பாட்டில் எதையும் வேண்டாம் என்று தள்ளாது. டாம் கில்ப், தேவைகளை அளவோடு எழுதுவதற்கான தன் பிளாங்குவேஜ் முறையில் ஸ்கேல், மீட்டர், கோல் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்வதும் இதற்காகத்தான்.

உங்கள் மூன்று தட்டல் எங்கே சறுக்கியது என்றால், அது வடிவமைப்பைச் சொல்கிறது, மேஸ்திரியின் கஷ்டத்தைச் சொல்லவில்லை. எளிமை திரையில் இல்லை. ஐஎஸ்ஓ 9241-11 தரமும் இன்னார், இன்ன வேலையை, இன்ன சூழலில் செய்யும்போது என்று சேர்த்துத்தான் பயன்பாட்டு எளிமையை அளக்கச் சொல்கிறது. முதலாளியை விடுங்கள், எடை போடுகிற இடத்தில் போய் நின்று பார்த்தீர்களா?

மலர்விழி:

நேற்றுப் போய் நின்றேன் அண்ணா, பனி இறங்குகிற நேரத்தில். பார்த்தது இரண்டு. ஒன்று, அந்தக் கணக்கில் நான்கு செல்வி இருக்கிறார்கள். தவறான செல்விக்கு எடை போனால் சனிக்கிழமை கூலி வாங்கும்போதுதான் சண்டை வருகிறது. இரண்டு, மேஸ்திரி போனை ஓரமாக வைத்துவிட்டுச் சிட்டையில் எழுதி, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து போனில் ஏற்றுகிறார். சிட்டையில் எழுத எவ்வளவு ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன், மூட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி. எங்கள் செயலியில் முப்பதுக்கு மேல்.

இளங்கோ:

அப்படியானால் எண் உங்கள் கையிலேயே இருக்கிறது. சிட்டையை விட ரொம்ப மெதுவாக இருந்தால் அவர் சிட்டைக்கே போய்விடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: செயலியை ஒரே ஒரு நாள் மட்டும் பழகிய மேஸ்திரி, எடைக் களத்தில், ஈரக் கையோடு, சிக்னல் இல்லாமல், வரிசையாக இருபது மூட்டை பதிய வேண்டும். மூட்டை தராசில் நின்றதிலிருந்து பதிவு முடிவது வரை, குறைந்தது பதினெட்டு மூட்டைக்குத் தலா 15 நொடிக்குள் ஆக வேண்டும். சிட்டையோடு ஒப்பிட்டால் ஒரு மூட்டைகூடத் தவறான பெயரில் நிற்கக்கூடாது. போட்ட தப்பை அவரே அங்கேயே திருத்திக்கொண்டால் பரவாயில்லை.

சராசரி என்று எழுதாதீர்கள். நடுவில் போன் ஒரு தடவை கீழே விழுந்தால் அந்த ஒரு மூட்டையே சராசரியைத் தூக்கிவிடும். இன்னொன்று, இதில் பொத்தான், திரை, தட்டல் எதுவும் வரவில்லை பாருங்கள். பெயருக்குப் பதில் எண்ணா, படமா, அட்டையைக் காட்டி ஸ்கேன் பண்ணுவதா என்பது செய்கிறவர் பாடு.

ஜமீலா, அம்மாப்பேட்டை:

எங்கள் தறிக்கூடத்தில் இதெல்லாம் இல்லாமல் ஐந்து பேரைக் கூப்பிட்டுப் பயன்படுத்தச் சொன்னோம். ஐந்து பேரும் முடித்தார்கள், எளிமை என்று எழுதிவிட்டோம். ஐந்து பேர் போதும் என்று படித்திருக்கிறேனே? ஆனால் கொடுத்த பிறகு பாதிப் பேர் போன் பண்ணினார்கள்.

இளங்கோ:

அந்த ஐந்து பேர் பேச்சு, குறைகளைத் தேடிப் பிடிப்பதற்கு. பாஸா ஃபெயிலா என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது. பத்துக்கு எட்டுப் பேர் மட்டுமே முடிக்கக்கூடிய செயலியில்கூட, ஐந்து பேரைக் கூப்பிட்டால் ஐவரும் முடித்துவிட மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, 0.8 ஐ ஐந்து தடவை பெருக்கிப் பாருங்கள். 'பத்துக்கு ஒன்பது பேராவது முடிப்பார்கள்' என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, 29 பேர் ஒருவர்கூடத் தவறாமல் முடித்திருக்க வேண்டும்.

பிரகாஷ், சேலம்:

29 பேரா! அண்ணே, அந்தச் செயலியை எழுதுகிறவன் நான். தோட்டத்தில் இருப்பதே நாலு மேஸ்திரிதான். அப்புறம் சிக்னல் இல்லாமல், ஈரக் கை என்பதை எல்லாம் எழுதிவிட்டால், மழை பெய்யவில்லை என்று சோதனையைத் தள்ளிக்கொண்டே போவார்கள், எங்கள் காசு நிற்கும்.

இளங்கோ:

நாலு பேர்தான் என்றால் நாலு பேரையும் வைத்தே பார்த்துவிடலாம், ஊகக் கணக்கு தேவையே இல்லை. வேறு தோட்டத்துக்கு விற்கும்போதுதான் 29 வரும். ஆனாலும் இருபது மூட்டை ஒரே நாள் நிலவரத்தைத்தான் காட்டும், இரண்டு நாள் செய்வது நல்லது. காசு நிற்கும் என்பது நியாயமான பயம். ஒரு வாளித் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, போனை விமானப் பயன்முறையில் போட்டு என்று எழுதுங்கள், மழைக்குக் காத்திருக்க வேண்டாம்.

மலர்விழி:

சரி. சொல்லுக்கு வருவோமா?

இளங்கோ:

ஏற்பெல்லை. ஏற்கலாம் என்பதற்கு எல்லை. 'சோதிக்கத்தக்க தேவை' என்பது முழு வாக்கியத்துக்கு, அதற்குள் இருக்கிற கோடு மட்டும் ஏற்பெல்லை.

குணசேகரன்:

எல்லை என்றால் அதற்கு மேலே போகக்கூடாது என்று காதில் விழுகிறது. 18 மூட்டை என்பது அதற்குக் கீழே போகக்கூடாது என்பது. 15 நொடிக்குப் பொருந்தும், 18க்குப் பொருந்தாது. ஏற்பளவு என்று வையுங்கள். உரைகல்லை நான் இன்னும் விடவில்லை, அளக்கும் முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜமீலா:

ஏற்பளவு என்றால் எவ்வளவு வாங்கிக்கொள்ளலாம் என்ற கொள்ளளவு மாதிரி இருக்கிறது ஐயா.

மலர்விழி, மறுநாள்:

ஆவணத்தில் தற்காலிகமாக ஏற்பெல்லை என்று போட்டு ரைட்டரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "எல்லைன்னா எந்தப் பக்கத்து வேலிங்க?" என்று கேட்டார். ஏற்பளவு என்று மாற்றியதும், ஒரு மூட்டைக்கு இத்தனை கிலோதான் ஏற்பார்களா என்று மேஸ்திரி கேட்டார். 15 நொடி, 18 மூட்டை என்ற வரி மட்டும் நாலு பேருக்கும் உடனே புரிந்தது. 15 கட்டாது, 20 ஆக்கிக் கொடுங்கள் என்று ஒருவர் பேரம்கூடப் பேசினார். இந்த வாரம் தலைப்பு இல்லாமலே கையெழுத்துக்கு அனுப்புகிறேன். சொல் கிடைத்தால் சொல்லுங்கள்.