புதுப்பிப்பு: ஹேக் ஆன கணக்கின் சந்தாப் பிடித்தம் நின்றது

கேட்டது: "கணக்கு ஹேக் ஆகிவிட்டது, உள்ளே போக முடியவில்லை. கார்டிலிருந்து மாதாமாதம் சந்தா போகிறது, எப்படி நிறுத்துவது?"

உதவியவர்களுக்கு நன்றி, நின்றுவிட்டது.

கார்டை மாற்றச் சொன்னது பாதிதான் சரி. புது எண் வந்த பிறகும் பணம் போனது. கார்டு நெட்வொர்க் வழியாகவே புது எண் நிறுவனத்துக்குப் போய்விடுகிறதாம். பலித்தது, வங்கியில் வேலை பார்த்தவர் சொன்ன வழி: இந்த நிறுவனத்துக்கான தொடர் அனுமதியை ரத்து செய்யும்படி வங்கிக்கு எழுதினேன்.

அப்புறம் நிறுவனத்தையும் கேட்டேன். ஹேக் செய்தவன் மின்னஞ்சலை மாற்றியிருந்ததால் என் முகவரியில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. கார்டின் கடைசி 4 இலக்கம், பிடித்த தேதி, தொகை கொடுத்ததும் லாகின் இல்லாமலே சந்தாவைக் கண்டுபிடித்து மூடினார்கள்.

ஜிம் சந்தா பற்றிக் கேட்டவருக்கு: உங்களுடையது ஒப்பந்தம் என்றால், வங்கி பிடித்தத்தை நிறுத்தினாலும் பாக்கித் தொகை உங்கள் பேரில் அப்படியே இருக்கும்.

பழைய பிடித்தங்கள் மீதான புகார் இன்னும் வங்கியில் கிடக்கிறது.