கேம் போல்டரை D-க்கு மாற்றினேன், திரும்ப முழு டவுன்லோட் கேட்கிறது. உதவி!

மல்லாவிப்பொடியன்
அவசரம். C டிரைவ் சிவப்பாகிவிட்டது என்று கேம் போல்டரை அப்படியே கட் பண்ணி D-யில் போட்டேன். இப்போது லைப்ரரியில் Play இருந்த இடத்தில் Install என்று நிற்கிறது. அழுத்தினால் முழுவதையும் திரும்ப இறக்கப் போகிறதாம். அவ்வளவு டேட்டாவுக்கு நான் எங்கே போவேன்? கேம் D-யில்தான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். கெதியாகச் சொல்லுங்கள்.

பரந்தன்சந்தி
எந்த கேம்? ஸ்டீமா, எபிக்கா? D-யில் எந்த இடத்தில் போட்டீர்கள்? D எஸ்.எஸ்.டி.யா, சாதாரண ஹாட் டிஸ்க்கா? ஒன்றுமே சொல்லாமல் கெதியாகச் சொல் என்றால் எப்படித் தம்பி.

குளக்கட்டு
C நிரம்புவதற்குக் காரணம் கேம் இல்லை, ஹைபர்நேட் பைல். எல்லாரும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கமாண்ட் புரொம்ப்டை அட்மினாகத் திறந்து இதை அடியுங்கள், C மூச்சு விடும்:

```
powercfg /h off
```

வவுனியா_வேகம்
கட் பேஸ்ட் பண்ண இது கல்யாண ஆல்பம் இல்லை. ஸ்டீமில் நகர்த்துவதற்கென்றே பட்டன் வைத்திருக்கிறார்கள். Settings திறந்து Storage பாருங்கள். இதே கேள்விக்கு நான் இங்கே முன்பே பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்கிற பழக்கம்தான் ஒருவருக்கும் இல்லை.

முள்ளியவளை_ரைடர்
எனக்கும் இதே பிரச்சினை. போனில் 64 ஜி.பி.தான். பப்ஜியை மெமரி கார்டுக்கு மாற்றினால் ஓடுமா?

மல்லாவிப்பொடியன்
மன்னிக்கவும், ஸ்டீம். கேம் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. போட்ட இடம் D:\Games. C 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., D 1 டி.பி. பழைய ஹாட் டிஸ்க், அதில் பாதிக்கு மேல் காலி. ஹைபர்நேட்டை நிறுத்தினேன், 6 ஜி.பி. மட்டும் கிடைத்தது. ஒரு விஷயம், Install அழுத்திப் பார்த்தபோது C-யில் 3 ஜி.பி. இறங்கிவிட்டது. இப்போது Pause-இல் நிற்கிறது. மாதக் கணக்கில் மிச்சம் 38 ஜி.பி.

குளக்கட்டு
6 ஜி.பி. கிடைத்ததா இல்லையா? அதைத்தான் சொன்னேன்.

கரடிப்போக்கு_கடை
Pause-இலேயே வையுங்கள். உங்கள் கேமுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்டீமுக்கு அது இருக்கும் இடம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டீம் டிஸ்க் முழுவதையும் துழாவிப் பார்ப்பதில்லை. தன்னுடைய லைப்ரரி என்று பதிந்து வைத்த இடத்தில், steamapps என்ற போல்டருக்குள் மட்டும்தான் பார்க்கும். அங்கே ஒவ்வொரு கேமுக்கும் ஒரு சின்ன பைல் உண்டு. உங்கள் கேமுக்கு appmanifest_1174180.acf. கேம் எந்தப் போல்டரில், எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று அதில்தான் எழுதியிருக்கும். முதலிலேயே அந்த பைலையும் D-யில் ஒரு ஸ்டீம் லைப்ரரிக்குள் சேர்த்துக் கொண்டுபோயிருந்தால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. இப்போது நீங்கள் Install அழுத்தியதால் C-யில் இருக்கும் பைல் அரைகுறை டவுன்லோடுக்கு உரியதாக மாறிவிட்டது. அதைத் தொடாதீர்கள்.

முதலில் ஸ்டீமில் அந்த அரைகுறை டவுன்லோடை Uninstall கொடுங்கள். பயப்பட வேண்டாம், அது C லைப்ரரியில் இறங்கிய 3 ஜி.பி.யைத்தான் அழிக்கும். D:\Games பற்றி ஸ்டீமுக்கு ஒன்றும் தெரியாது, அதில் கை வைக்காது. பிறகு Settings, Storage போய் D டிரைவைச் சேருங்கள். D:\SteamLibrary என்று தானே ஒரு போல்டர் உண்டாக்கும். ஸ்டீமை முழுதாக மூடுங்கள், கீழே மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானிலும் Exit கொடுங்கள். கேம் போல்டரைக் கொண்டுபோய் இப்படி வையுங்கள்:

```
D:\SteamLibrary\steamapps\common\Red Dead Redemption 2
```

common போல்டர் இல்லாவிட்டால் நீங்களே உண்டாக்குங்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்துவதால் ஒரு நொடியில் முடியும். போல்டரின் பெயரில் ஒரு எழுத்தும் மாறக்கூடாது. திறந்தவுடன் RDR2.exe கண்ணில் பட வேண்டும். அதற்குள் அதே பெயரில் இன்னொரு போல்டர் தெரிந்தால் ஒரு படி உள்ளே தள்ளி வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இனி ஸ்டீமைத் திறந்து Install, இடம் D. டவுன்லோட் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சரியாக வைத்திருந்தால் டிஸ்க் வேலை செய்யும், நெட்வேர்க் கோடு கிட்டத்தட்ட சும்மா கிடக்கும். இருக்கும் பைல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறது என்று பொருள். 120 ஜி.பி. அளவு கேம், பழைய ஹாட் டிஸ்க், அரை மணித்தியாலமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். தொடக்கத்திலேயே நெட்வேர்க் முழு வேகத்தில் ஓடினால் உடனே Pause பண்ணிவிட்டு இங்கே எழுதுங்கள்.

மல்லாவிப்பொடியன்
நன்றி அண்ணா. கரண்ட் வந்ததும் செய்கிறேன். சேவ் எல்லாம் போய்விடுமா?

கரடிப்போக்கு_கடை
அண்ணா இல்லை, அக்கா. சேவ் Documents-இல் Rockstar Games என்ற போல்டருக்குள் இருக்கிறது, கேமைக் கழற்றினாலும் அது அங்கேயே கிடக்கும். மனம் கேட்காவிட்டால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், சின்ன போல்டர்தான்.

கரண்ட் என்றதும் ஞாபகம் வந்தது. C-யிலிருந்து D-க்கு எக்ஸ்புளோரரில் கட் பண்ணும்போது நடுவில் கரண்ட் போகவில்லையே? போயிருந்தால் பாதி இங்கே, பாதி அங்கே என்று கிடக்கும். சரிபார்க்கும்போது குறைகிறதை மட்டும் இறக்கும், ஆனால் உங்கள் 38 அதற்குப் போதாமல் போகலாம்.

வவுனியா_வேகம்
ஹாட் டிஸ்க்கில் ரெட் டெட்டா? குதிரை ஓடும், நிலம் பின்னால் வரும். 2025 ஆகியும் ஹாட் டிஸ்க்கில் கேம் போடச் சொல்கிறவர்களை என்ன சொல்வது.

ஒட்டுசுட்டான்88
வேகம் அண்ணை, அந்த கேம் 2018-இல் பிஎஸ்4-க்கு வந்தது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன? ஹாட் டிஸ்க்தானே. நான் ஹாட் டிஸ்க்கில்தான் முடித்தேன். லோடிங் நேரம் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம், அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை.

வவுனியா_வேகம்
பிஎஸ்4 வேறு, கணினி வேறு. சைபர்பங்க் 2077-ஐ ஹாட் டிஸ்க்கில் போட்டுவிட்டு வந்து இதைச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான்88
நான் சைபர்பங்க் பற்றிப் பேசவில்லையே. அதன் தேவைப் பட்டியலிலேயே எஸ்.எஸ்.டி. என்று போட்டிருக்கிறது. ரெட் டெட்டின் பட்டியலில் 150 ஜி.பி. இடம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. பட்டியலை வாசிக்கலாமே, தேடிப் பார்க்கிற பழக்கம் இல்லையோ?

பரந்தன்சந்தி
இரண்டு பேரும் வேறு இழை திறந்து அடிபடுங்கள். தம்பி, C-யில் மிச்சம் என்னென்ன இருக்கிறது? ஒன்றை மாற்றினால் போதாது, இரண்டு அப்டேட் வந்ததும் திரும்பச் சிவக்கும்.

மல்லாவிப்பொடியன்
கால் ஆஃப் டியூட்டி, சைபர்பங்க், எபிக்கில் ஃபோர்ட்நைட், யூரோ ட்ரக் 2 அதோடு மோட். கால் ஆஃப் டியூட்டிதான் பெரிசு. அதையும் D-க்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன், அழித்தால் திரும்ப இறக்க முடியாதே. இன்னொன்று, 2 ஜி.பி. அப்டேட்டுக்கு இடம் போதாது என்று நேற்று ஸ்டீம் சொன்னது. C-யில் 9 ஜி.பி. இருந்தது. அது எப்படி?

கரடிப்போக்கு_கடை
அப்டேட் இறங்குகிற அளவு வேறு, அதைப் பூட்டுவதற்குத் தேவையான இடம் வேறு. கேம்கள் பல ஜி.பி. அளவான பெரிய பைல்களுக்குள் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கும். 20 ஜி.பி. பைல் ஒன்றுக்குள் சின்னதாக ஒரு துண்டு மாறினாலும், பழையதிலிருந்தும் புதிதாய் இறங்கியதிலிருந்தும் எடுத்து அந்த 20 ஜி.பி. பைலை ஸ்டீம் புதிதாகக் கட்டும். கட்டி முடியும்வரை பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் 9 போதவில்லை. C-யில் உங்கள் பெரிய கேமின் பாதி அளவாவது காலியாக விட்டு வையுங்கள்.

எதை அழிப்பது என்பதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அளவை மட்டும் பார்க்காதீர்கள், வைத்திருக்கும் பிரதி எவ்வளவு காலம் செல்லும் என்று பாருங்கள். ரெட் டெட் மாதிரித் தனியாக விளையாடுகிற கேம் அடிக்கடி மாறாது, ஒரு வருடம் D-யில் கிடந்தாலும் அப்படியே ஓடும். அதை அழித்தால்தான் நட்டம். கால் ஆஃப் டியூட்டி மாதிரி ஒன்லைன் கேமை ஒன்றிரண்டு சீசன் தொடாமல் வைத்தால் பிறகு பெரிய அப்டேட் வந்துதான் தீரும். அதுவரை டிஸ்க்கையும் பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது விளையாடுகிறீர்களா? இல்லையென்றால் கழற்றுங்கள். விளையாடுகிறீர்கள் என்றால் முடித்த கேம்பெயினை மட்டும் கழற்றலாம்: கேமில் ரைட் கிளிக், Properties, DLC, அங்கே டிக்கை எடுங்கள். சைபர்பங்க் C-யிலேயே இருக்கட்டும், அதில் வேகம் சொல்வது சரி.

பரந்தன்சந்தி
ஒன்றைச் சேர்க்கிறேன். பக்கத்தில் கூட்டாளி யாரிடமாவது அதே கேம் இருந்தால் டேட்டாவே வேண்டாம். இரண்டு கணினியையும் ஒரே ரவுட்டரில் மாட்டுங்கள், ஸ்டீம் 2023-இலிருந்து உள் நெட்வேர்க்கில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு எடுக்க விடுகிறது. Settings, Downloads-இல் Game File Transfer over Local Network என்று இருக்கும். இரண்டு பக்கமும் திறந்துவிட வேண்டும், இரண்டு கணக்கிலும் கேம் வாங்கியிருக்க வேண்டும். வைஃபையில் இழுபடும், கேபிள் போடுங்கள். நாங்கள் கிளிநொச்சியில் சிபியுவைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் எடுத்தோம்.

குளக்கட்டு
ஆட்டோ அப்டேட்டை இரவுக்கு மாற்றி வையுங்கள். அதே Downloads பக்கத்தில் நேரம் போடலாம். இரவு டேட்டா சும்மா வீணாகப் போகிறது.

மல்லாவிப்பொடியன்
வேலை செய்தது அக்கா!! சரிபார்த்து முடித்து 1 ஜி.பி. சொச்சம்தான் இறக்கியது. Play வந்துவிட்டது. விளையாடப் போகிறேன்.

ஒட்டுசுட்டான்88
ஹாட் டிஸ்க்கில் எப்படி ஓடுகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். இங்கே ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

வவுனியா_வேகம்
நான் ஒன்றும் காத்திருக்கவில்லை.

நெடுங்கேணி_நிலவன்
இதே வேலை எபிக்கிலும் நடக்குமா? ஃபோர்ட்நைட்டை D-யில் போட்டுப் பார்த்தேன், லோஞ்சர் கண்டுகொள்ளவே இல்லை.

கரடிப்போக்கு_கடை
எபிக் ஸ்டீம் மாதிரி இருக்கிற பைலைத் தானாகத் தேடாது. உங்கள் போல்டருக்கு வேறு பெயர் வைத்து ஒதுக்கிவிடுங்கள். லோஞ்சரில் Install கொடுத்து இடத்தை D-யில் காட்டுங்கள். இரண்டு மூன்று வீதம் இறங்கியதும் நிறுத்தி, லோஞ்சரை மூடுங்கள். அது உண்டாக்கிய புதுப் போல்டருக்குள் உங்கள் பழைய பைல்களைப் போட்டு, மேலெழுதச் சம்மதியுங்கள். பிறகு லோஞ்சரைத் திறந்து Resume. முதலில் சரிபார்க்கும், குறைகிறதை மட்டும் இறக்கும். ஆனால் ஃபோர்ட்நைட் பிரதி பழையது என்றால் குறைகிறதே நிறைய இருக்கும். கடைசியாக எப்போது விளையாடினீர்கள்?

முள்ளியவளை_ரைடர்
பப்ஜி பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?