ஐந்து வரி ட்ரேஸ், ஆளுக்கொரு விடை

தறிநூல்: போன செமஸ்டரில் கேஷ் சிமுலேட்டர் எழுதச் சொன்னார்கள். டைரக்ட் மேப்ட், 8 வரி, வரிக்கு 16 பைட். பெரிய ட்ரேஸில் என் ஹிட் எண்ணிக்கை யாருடையதோடும் ஒத்துப்போகவில்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் காகிதத்தில் போட்டுப் பார்க்கிற அளவுக்கு ஒரு குட்டி ட்ரேஸ் எழுதினேன். எல்லாம் ஹெக்ஸ்:

```
0
4
80
8
84
```

0 மிஸ். 4 அதே பிளாக், ஹிட். ஹெக்ஸ் 80 என்றால் 128, அதாவது பிளாக் 8. இருப்பதோ எட்டு வரி, ஆகவே அதுவும் 0-ஆம் வரிக்கே வந்து பழையதைத் துரத்திவிடும். அப்புறம் 8 வந்து பிளாக் 0-ஐத் திரும்பக் கேட்கும், மிஸ். 84-உம் மிஸ். ஆக 1 ஹிட், 4 மிஸ். என் நிரல் 0 ஹிட் என்றது! முகவரியைப் பிளாக் எண்ணாக்காமல் நேரே `addr % 8` போட்டிருந்தேன். 0-உம் 4-உம் வேறு வேறு வரிக்குப் போய்விட்டன. திருத்தியது:

```c
unsigned blk = addr >> 4;
unsigned idx = blk & 7;
unsigned tag = blk >> 3;
```

மழைக்குருவி: இதில் LRU எங்கே வரும்? எங்களுக்கு அதுதான் கேட்டார்கள்.

தறிநூல்: உங்களுடையது செட் அசோசியேட்டிவாக இருக்கும். இங்கே ஒரு பிளாக்குக்கு ஒரே இடம்தான், யாரை வெளியேற்றுவது என்ற கேள்வியே வராது.

ஓலைப்பெட்டி: உங்கள் ட்ரேஸை என் பழைய நிரலில் ஓட்டினேன், 3 ஹிட் வந்தது 😀 `%x` போட வேண்டிய இடத்தில் `%d`. 80, 84 இரண்டும் டெசிமலாகப் போய் 5-ஆம் வரியில் உட்கார்ந்துவிட்டன, 0-ஆம் வரியை யாரும் தொடவில்லை. கோப்பில் `0x` இருந்திருந்தால் `x`-இலேயே தடுக்கி விழுந்து அன்றே பிடிபட்டிருக்கும்.

கல்தச்சன்: லேபில் நான் அதிகம் பார்த்தது 2 ஹிட். டேக் வரிசையை 0 என்று தொடங்கிவிட்டு வேலிட் பிட்டை மறந்துவிடுவார்கள். காலியான வரியில் கிடக்கும் 0-உம் முதல் முகவரியின் டேக் 0-உம் பொருந்திவிடும். காலி கேஷில் முதல் அணுகலே ஹிட் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

நெய்தல்: வேலிட் பிட்டே தேவையில்லை. டேகை -1 என்று வைத்தால் முடிந்தது.

கல்தச்சன்: `unsigned int`-இல் ஓடும். பிட்களை வலப்பக்கம் தள்ளியபின் அப்படியொரு டேக் வராது. இடம் மிச்சம் பிடிக்க `unsigned char` வைத்தீர்கள் என்றால் அது 255 ஆகிவிடும், 255 நிஜமான டேகாகவே வரலாம். நான் தனி பிட்தான் வைப்பேன்.

தறிநூல்: சரி, எழுதும்போது மிஸ் ஆனால் பிளாக்கைக் கேஷுக்குக் கொண்டுவருவதா, நேரே மெமரியில் எழுதிவிடுவதா? வினாத்தாளில் இல்லை. 80 மட்டும் எழுதும் அணுகல் என்று வைத்து, கொண்டுவராமல் விட்டால் அடுத்து வரும் 8 ஹிட் ஆகிவிடுகிறது.

நெய்தல்: நான் கொண்டுவந்தேன். மதிப்பெண் இன்னும் வரவில்லை.