1 வயது 10 மாதக் குழந்தைக்கு நாளுக்கு 11 மணி நேரத் தூக்கம் போதவில்லையா?

கயல்:
என் மகனுக்கு 1 வயது 10 மாதம் ஆகிறது. இரவு 9.30-க்குப் படுக்க வைத்து, நான் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால் காலை 6.30-க்கு எழுப்பிவிடுகிறேன். பகலில் 3 மணியிலிருந்து 5.15 வரை தூங்குகிறான். கூட்டினால் 11 மணி நேரத்துக்கு மேலேயே வருகிறது. ஆனாலும் காலை முழுவதும் சிணுங்குகிறான். 11 மணிக்குத் தள்ளுவண்டியில் உட்கார வைத்தால் தெருமுனை தாண்டுவதற்குள் கண் சொருகிவிடுகிறது. தூக்கம் போதவில்லையா, அல்லது வேறு ஏதேனும் காரணமா?

சரவணன்:
பகல் தூக்கத்தை நிறுத்திவிடுங்கள். எங்கள் மகளுக்கு 3 வயது 2 மாதம். நிறுத்திய பிறகு இரவில் ஒரே மூச்சாகப் பத்தரை மணி நேரம் தூங்குகிறாள். பகலிலும் நன்றாகவே இருக்கிறாள்.

மீனாட்சி (குழந்தைகள் நலச் செவிலியர்):
சரவணன் அவர்களே, உங்கள் மகளுக்கு அது பொருந்தும், ஏனெனில் 3 வயது முடிந்தவர்களுக்கு 10 முதல் 13 மணி நேரம் போதும். கயலின் மகன் இருக்கும் வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பெரும்பாலான குழந்தைகள் 3 வயதுக்கு முன் பகல் தூக்கத்தை விடுவதில்லை. இப்போதே நிறுத்தினால், இரவில் கூடுவதைவிடப் பகலில் இழப்பதே அதிகமாக இருக்கும்.

கயல், நீங்கள் குறித்திருப்பவை படுக்க வைத்த நேரங்களா, கண்ணயர்ந்த நேரங்களா? இரண்டு நாள்கள் கவனித்து எழுதுங்கள். யாரும் எழுப்பாத விடுமுறை நாளில் எத்தனை மணிக்கு எழுகிறான், குறட்டை விடுகிறானா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கயல்:
படுக்க வைத்த நேரங்களைத்தான் எழுதியிருந்தேன். அருகிலேயே இருந்து பார்த்தேன், 9.30-க்கு விளக்கை அணைத்தாலும் புரண்டு, எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, 10.15-க்குத்தான் தூங்குகிறான். பகலிலும் 3.30-க்குத்தான் கண்ணயர்கிறான். ஞாயிறன்று எழுப்பாமல் விட்டேன், 8 மணி வரை தூங்கினான். சில இரவுகளில் குறட்டைச் சத்தம் கேட்கிறது.

மீனாட்சி:
அப்படியென்றால் இரவில் 8 மணி 15 நிமிடம், பகலில் 1 மணி 45 நிமிடம், ஆக மொத்தம் 10 மணி நேரம்தான். ஞாயிறன்று அதே நேரத்தில் தூங்கியவன் 8 மணி வரை தூங்கியதால், அன்று 11 மணி 30 நிமிடம் ஆகியிருக்கிறது. விட்டால் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிற குழந்தை, மற்ற நாள்களில் கடனில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வித்தியாசமும் தள்ளுவண்டி உறக்கமும் எந்த அட்டவணையையும்விட எனக்குப் பெரிய சான்று. 11 மணி நேரத்திலேயே தானாக எழுந்து, மாலை வரை கலகலப்பாக இருக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

சரவணன் சொன்னதில் பாதி சரிதான்: பகல் தூக்கம் இரவைப் பாதிக்கிறது. ஆனால் குறை, அது இருப்பதில் இல்லை, 5.15-க்கு முடிவதில் இருக்கிறது. இந்த வயதுக் குழந்தை ஒரு தூக்கத்திலிருந்து எழுந்தால் அடுத்ததற்கு ஐந்து மணி நேரம் போல விழித்திருந்தால்தான் உடல் தயாராகும்; அதனால்தான் உங்கள் மகன் 10.15 வரை புரளுகிறான். பகல் தூக்கத்தை ஒரேயடியாக மாற்றாமல், இரண்டு நாள்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி, 1 மணிக்குள் தொடங்கும்படி கொண்டு வாருங்கள். இரவுப் படுக்கையை அதற்கு ஏற்றாற்போல் கால் மணி நேரம், கால் மணி நேரமாக முன்னுக்கு நகர்த்துங்கள். எழும் நேரம் மட்டும் 6.30-ஆகவே இருக்கட்டும்.

இளங்கோ:
குழந்தைக்குத் தேவையான அளவு தூக்கத்தை உடலே எடுத்துக்கொள்ளும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மீனாட்சி:
எழுப்பாமல் விட்டால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். ஆனால் இங்கே காலையில் எழுப்புகிறார்கள், மாலையில் தூக்கம் தாமதமாகிறது. இரு முனையும் நெருக்கப்பட்டிருக்கின்றன.

கயல் (இரண்டு வாரம் கழித்து):
இப்போது 12.45-இலிருந்து 2.45 வரை தூங்குகிறான். இரவு 8.20-க்குப் படுத்து, 8.40-க்குக் கண்ணயர்கிறான். காலை 6.20 போல் தானாகவே எழுகிறான். மொத்தம் 11 மணி 40 நிமிடம் ஆகிறது. முதல் நான்கு நாள்கள் மதிய உணவின்போதே தலை சாய்ந்தது, பிறகு பழகிவிட்டான். தள்ளுவண்டியில் தூங்குவதில்லை. குறட்டை மட்டும் சளி இல்லாத நாள்களிலும் கேட்கிறது, வாயைத் திறந்தபடியே மூச்சு விடுகிறான்.

மீனாட்சி:
குறட்டை அடிக்கடி வந்தாலோ, நடுவில் மூச்சு ஓரிரு நொடி நின்று பிறகு திணறி இழுப்பதுபோல் தோன்றினாலோ, மணிக்கணக்கு சரியாக இருந்தாலும் தூக்கம் தரமானதாக இருக்காது. மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதையோ தொண்டையில் இருக்கும் டான்சிலோ பெரிதாகியிருக்கலாம்; கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, பார்த்தால்தான் தெரியும். தூங்கும்போது கைபேசியில் இரண்டு நிமிடம் சத்தத்துடன் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கயல்:
வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுகிறேன்.