வாடகைக் கட்டுப்பாடு: கட்டுரையை விவாத உரையாக்க உதவி தேவை

வணக்கம். 7 நிமிட உரை. தலைப்பு: பினாங்கின் ஜார்ஜ்டவுனில் வாடகைக் கட்டுப்பாடு மீண்டும் வேண்டும். நாங்கள் ஆதரவு அணி.

எங்கள் கருத்தரங்கக் கட்டுரை 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தொடங்கி, கடைசிப் பக்கத்தில்தான் முடிவைச் சொல்கிறது. அதே வரிசையில் பேசினால் நம் நிலைப்பாடு நடுவருக்குத் தெரியுமுன்பே இரண்டு நிமிடம் போய்விடும். அதனால் “கட்டுப்பாடு போனதும் பழைய குடித்தனக்காரர்களும் போனார்கள்” என்றே தொடங்குகிறோம். சான்று: 1948-க்கு முந்தைய கட்டடங்களின் குடித்தனக்காரர்களைக் காத்த அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது, கட்டுப்பாடு 2000-இல் முழுதாக முடிவுக்கு வந்தது.

“2008 யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அங்கீகாரமே காரணம்” என்று எதிரணி சொன்னால், அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் காலியான கடைவீடுகளைக் காட்டலாம். ஆனால் “வாடகை குறைவு, அதனால் உரிமையாளர் பழுதுபார்க்கவில்லை” என்பது வலுவான வாதம், மறுக்க முடியாது. அதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு பழுதுபார்ப்பு மானியத்தை முன்வைக்கலாமா, அவர்கள் எழுப்பும்வரை காத்திருக்கலாமா? நடுவராக இருந்தவர்கள் சொல்லுங்கள்.