அம்மாச்சி வீட்டுச் சொந்தங்கள், ரங்கூன்

பரிமளா சித்தி: சளி புடிச்சதுல இருந்து வாய்க்கு எதுவுமே விளங்கல. காலைல மொய்ங்கா வச்சேன், வெந்நீர் மாதிரி இருந்துச்சு. மீன் சாஸை ஊத்திக்கிட்டே இருந்தேன். இவரு ஒரு வாய் வச்சுட்டு "உப்புக் கரிக்குது"ன்னு எந்திரிச்சுட்டாரு 😡

குமார்: சாஸ் தீந்துருச்சா சித்தி? சாயங்காலம் வாங்கிட்டு வரவா?

முருகேசு மாமா: நாக்குல மாவு படிஞ்சிருக்கும். நுனில இனிப்பு, ஓரத்துல புளிப்பு, அடில கசப்பு. நல்லா வழிச்சா எல்லாம் திரும்பிடும்.

வேணி: மாமா, அந்த நாக்குப் படம் தப்பு. 1901ல ஹெனிக்னு ஒரு ஜெர்மன்காரர் இடத்துக்கு இடம் லேசான வித்தியாசம் இருக்குன்னுதான் அளந்தாரு. பின்னாடி வந்தவங்க அதைப் பெருசாக்கிட்டாங்க. நுனில ஒரு கல் உப்பை வச்சுப் பாருங்க, கரிக்கும். ஆனா நாக்கு காஞ்சா சுவை குறையுறது நிஜம். வாயால மூச்சு விட்டா எச்சில் வத்திடும், எச்சில்ல கரைஞ்சாத்தானே சுவை மொட்டுக்குள்ள போகும்.

வேணி: சித்தி, உப்பு தெரிஞ்சுதா இல்லையா?

பரிமளா சித்தி: தெரிஞ்சுது. ஆனாலும் சப்புன்னு இருந்துச்சு.

வேணி: அப்போ நாக்கு நல்லாத்தான் இருக்கு. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் மீன்சாறுல வர்ற உமாமி, இவ்வளவுதான் அதுக்குத் தெரியும். எலுமிச்சைப்புல், பூண்டு, மீன் வாசம் எல்லாம் மூக்கு வேலை. மென்னு முழுங்கி மூச்சு விடும்போது, அந்த ஆவி தொண்டைக்குப் பின்னாடி ஏறி மூக்கோட உச்சிக்குப் போகும். வழி அடைச்சிருந்தா போகாது. எவ்வளவு சாஸ் ஊத்துனாலும் உப்புதான் ஏறும், மணம் வராது. உங்க பிரஷருக்கு அது வேற வம்பு.

வேணி: குமார், உனக்குச் சளி இல்லல்ல? மூக்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஏலக்காயும் சர்க்கரையும் மெல்லு. முழுங்கறதுக்கு முன்னாடி விடு.

குமார்: அடப்பாவி 😳 வெறும் சர்க்கரையாத்தான் இருந்துச்சு. விட்ட உடனே ஏலக்காய் குப்புன்னு வந்துருச்சு!

தங்கம் அத்தை: கொரோனா வந்தப்ப எனக்கு மூக்கு அடைக்கவே இல்லடி. ஆனா காப்பில வாசமே இல்ல, மாசக்கணக்கா.

வேணி: அது வேற அத்தை. வழி திறந்துதான் இருந்துச்சு, மோந்து பாக்குற இடத்துலயே பாதிப்பு. அடைப்பு இல்லாம வாசம் போச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டணும்.

பரிமளா சித்தி: தைலம் தடவினா மூக்கு திறந்த மாதிரி இருக்கே?

வேணி: குளுகுளுன்னு உணர்வுதான் சித்தி. காத்து கூடப் போறதில்ல.

முருகேசு மாமா: அப்போ ஊறுகாய் மட்டும் எப்படி ருசிக்குது?

வேணி: புளிப்பும் உப்பும் நாக்குக்குக் கிடைச்சுடுது. மிளகா எரிச்சல் வலி நரம்பு வழியாப் போகுது, அதுக்கு மூக்கு வேணாம். காய்ச்சக்காரங்க ரசம் கேக்குறதும் அதான்.

முருகேசு மாமா: சும்மா சொல்லாத. போன சளில ரசத்துல பெருங்காயம் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.

வேணி: ஒரு துவாரம் லேசாத் திறந்திருந்தாலே போதும் மாமா.

முருகேசு மாமா: ரெண்டும் அடைச்சிருந்துச்சுங்கறேன்!